ஒரே பக்கத்தில் மூன்று ஒப்பந்தங்கள்

விற்பனை மேலாளர் ஒருவருக்காகத் தயாரான ஓர் ஒப்பீட்டுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அகலவாக்கில் அச்சிட்டால் ஒரே பக்கம்தான். சென்னையில் பில்லிங் மென்பொருள் விற்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்மணி தயாரித்தது. இங்கே வாடிக்கையாளர்களின் அடையாளத்தையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். தாளின் அமைப்பில் கை வைக்கவில்லை. மான்செஸ்டரில் ஒரு சில்லறைக் கடைச் சங்கிலி, மும்பையில் ஒரு வங்கி, அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு மருத்துவப் பொருள் விநியோகஸ்தர் என்று மூன்று வாடிக்கையாளர்கள். மூன்று ஒப்பந்தங்களும் அடுத்தடுத்துப் புதுப்பிப்புக்கு வந்தன. மேலாளர் கேட்டது இவ்வளவுதான்: "யாருக்கு எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கோம்னு ஒரு பக்கத்துல போட்டுக் குடுங்க மேடம்."

இப்படிக் கேட்டால் வழக்கமாக என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "இண்டெம்னிட்டி: உண்டு. பொறுப்பு வரம்பு: ஒரு மடங்கு. ஆளும் சட்டம்: இங்கிலாந்து." மூன்றும் உண்மை, மூன்றாலும் பயனில்லை. இண்டெம்னிட்டி என்பது இன்ன நஷ்டம் வந்தால் நான் ஈடுகட்டுகிறேன் என்று முன்கூட்டியே கொடுக்கும் வாக்குறுதி. பொறுப்பு வரம்பு என்பது என்ன நடந்தாலும் இதற்குமேல் நான் தரவேண்டியதில்லை என்று போடும் உச்சத்தொகை. ஆளும் சட்டம் என்பது தகராறு வந்தால் இந்த வாசகங்களுக்கு எந்த நாட்டுச் சட்டப்படி பொருள் கொள்வது என்ற ஏற்பாடு. இவை மூன்றும் ஒப்பந்தத்தில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். தனித்தனியாகப் பெயர்த்தெடுத்துத் தனித்தனிக் கட்டத்தில் போட்டால், ஒன்று மற்றொன்றை என்ன செய்கிறது என்பது காணாமல் போய்விடும். இந்தத் தாளின் அழகு முழுவதும் அது காணாமல் போகாமல் பார்த்துக்கொண்டதில்தான் இருக்கிறது.

முதலில் மான்செஸ்டர் வரி. ஆண்டுக் கட்டணம் 1,20,000 பவுண்டு. வரம்பு என்ற கட்டத்தில் "1 மடங்கு" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம்; யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவர் எழுதியிருப்பது "0.25 முதல் 1 மடங்கு வரை". ஏன் என்று ஷரத்தைப் பார்த்தால் தெரிகிறது. வரம்பு, கோரிக்கை எழுந்த நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் வாடிக்கையாளர் செலுத்திய கட்டணத்துக்குச் சமம் என்கிறது ஷரத்து. செலுத்திய கட்டணம், அவ்வளவுதான். செலுத்திய அல்லது செலுத்தவேண்டிய கட்டணம் என்று இல்லை. கட்டணமோ காலாண்டுக்கு ஒருமுறை முன்பணமாக, இன்வாய்ஸ் வந்து முப்பது நாளுக்குள் கட்டவேண்டியது. ஆக, நான்காவது மாதத் தொடக்கத்தில் ஏதாவது கோளாறு நடந்து கோரிக்கை எழுந்தால், அதுவரை கட்டியிருப்பது ஒரு காலாண்டுப் பணம் மட்டும்: 30,000 பவுண்டு. ஓராண்டு ஓடி முடிந்த பிறகு எழுந்தால் 1,20,000. அதாவது முதல் தவணை கட்டிய நாளிலிருந்து பார்த்தால், இந்த வரம்பு நிற்கும் தொகை அல்ல, நகரும் தொகை. அந்த நகர்வைக் கட்டத்துக்குள்ளேயே காட்டியிருக்கிறார்.

இதை ரசிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விற்பவருக்குக் குறைந்த வரம்பு நல்லதுதானே, 0.25 என்றால் மேலாளர் மகிழ வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் புதுப்பிப்புப் பேச்சில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைக்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும். முதலாண்டில் கோரிக்கை வந்தால் முழு ஆண்டுக் கட்டணத்தை மதிப்பிட்டுக் கணக்கிட வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்வார்கள். அந்தக் கோரிக்கை வருவதற்கு முன்பே மேலாளர் அதற்குத் தயாராக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்த 0.25.

அதே வரியில், சற்றுச் சின்ன எழுத்தில், "மொத்தத்துக்கும் ஒரே வரம்பு (வாதத்துக்கு இடமுண்டு)" என்று ஒரு குறிப்பு. அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் ஒரு நீதிமன்ற வழக்கே இருக்கிறது. பிரிட்டனின் டிராக்ஸ் குழுமத்து மின் விற்பனை நிறுவனத்துக்கும் நம்முடைய விப்ரோவுக்கும் இடையில் 2023இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்த வழக்கு அது. அங்கே ஷரத்தின் தொடக்கம் சேவையாளரின் "மொத்தப் பொறுப்பு" என்று பேசியது. முடிவோ, "கோரிக்கை" முதலில் எழுந்த நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதக் கட்டணத்தில் 150 சதவீதம் என்று ஒருமையில் பேசியது. டிராக்ஸ் தரப்பு அந்த ஒருமையைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனி வரம்பு என்றது. விப்ரோ தரப்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றுதான் என்றது. கோரப்பட்ட தொகை சுமார் 3.1 கோடி பவுண்டு. ஒரே வரம்பு என்றால் 1.15 கோடியோடு நின்றுவிடும். நீதிபதி ஒரே வரம்புதான் என்று தீர்ப்பளித்தார். ஆனால் அங்கே போய்ச் சேரும்வரை இரு தரப்பும் எவ்வளவு செலவழித்திருக்கும் என்று யோசியுங்கள்! மான்செஸ்டர் ஒப்பந்தத்திலும் அதே கலவைதான்: தலையில் "மொத்தம்", வாலில் "கோரிக்கை". நம் பெண்மணி அதைத் தீர்த்துவைக்கும் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொன்னார், வழுக்கும் இடம் இருக்கிறது என்பதையும் சொன்னார், அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். புதுப்பிப்பின்போது "எல்லாக் கோரிக்கைகளுக்கும் சேர்த்து" என்று சேர்த்துவிட்டால் அடைப்புக்குறிக்கு வேலை இல்லை.

இனி மும்பை. தாளிலேயே நான் அதிக நேரம் நின்ற வரி இதுதான்.

ஆண்டுக் கட்டணம் 80 லட்சம் ரூபாய், ஒப்பந்தக் காலம் மூன்று ஆண்டு. பொறுப்பு வரம்பு, ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பான 2.4 கோடி. திருத்தத்துக்குப் பிந்தைய 14.2ஆம் ஷரத்து தெளிவாகவே சொல்கிறது. மடங்குக் கணக்கில் 3. மான்செஸ்டர் 1, ஒஹாயோ 2 என்றிருக்கும் வரிசையில் இது மூன்றாவது இடம், அவ்வளவுதான். வங்கி என்றால் கொஞ்சம் கூடக் கேட்கத்தான் செய்வார்கள் என்று மேலாளர் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார். தாளில் அந்த 3 இருக்கிறது. ஆனால் அதன் குறுக்கே ஒரு கோடு அடிக்கப்பட்டு, பக்கத்தில் "நடைமுறையில் வரம்பில்லை: 14.3 + 11.1" என்று எழுதியிருக்கிறது.

14.3 என்பது விதிவிலக்குப் பட்டியல். எந்தெந்தப் பொறுப்புகளுக்கு மேற்சொன்ன வரம்பு பொருந்தாது என்று சொல்லும் ஷரத்து. மோசடி, வேண்டுமென்றே செய்த தவறு, ரகசியக் காப்பு மீறல் என்று வழக்கமான பெயர்களுக்கு நடுவில், "11ஆம் ஷரத்தின் கீழ் உள்ள இண்டெம்னிட்டிப் பொறுப்பு" என்று ஒரு வரி. இதுவும் வழக்கமானதுதான். இண்டெம்னிட்டி என்பது பொதுவாகக் குறுகிய விஷயம்: உங்கள் மென்பொருள் என் காப்புரிமையை மீறுகிறது என்று மூன்றாவது ஆள் ஒருவர் வாடிக்கையாளர்மேல் வழக்குப் போட்டால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது போல. அதை வரம்புக்கு வெளியே வைக்க விற்பவர்கள் பலமுறை ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் 11.1ஐத் திருப்பிப் பார்த்தால் அந்தக் குறுகிய விஷயம் அங்கே இல்லை. "இந்த ஒப்பந்தத்தின் எந்த ஷரத்தையும் சேவையாளர் மீறுவதால் வங்கிக்கு ஏற்படும் எல்லா இழப்புகளுக்கும்" ஈடுகட்டுவதாக அது வாக்குக் கொடுக்கிறது. மூன்றாம் தரப்பு என்ற பேச்சே இல்லை. சர்வர் நாலு மணி நேரம் நின்றாலும் அது ஒப்பந்த மீறல். ஒப்பந்த மீறல் என்றால் 11.1. 11.1 என்றால் இண்டெம்னிட்டி. இண்டெம்னிட்டி என்றால் 14.3. 14.3 என்றால் வரம்பு இல்லை. இரண்டு ஷரத்துகளுக்கும் நடுவில் ஆறு பக்க இடைவெளி. 14ஐ மட்டும் படிப்பவருக்கு 2.4 கோடி என்ற உறுதியான சுவர் தெரியும். 11ஐ மட்டும் படிப்பவருக்கு நீளமான ஒரு வாக்குறுதி தெரியும், அதுவும் வங்கி ஒப்பந்தங்களில் பார்த்துப் பழகியதுதான். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் எந்தக் கோரிக்கை வந்தாலும் 11இன் வழியாகச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்பது தெரிகிறது. நகையை எடை போடும்போது கல்லின் எடையைக் கழித்துச் சொல்கிற நேர்மையான ஆசாரியைப் போல, வரம்பிலிருந்து விதிவிலக்கைக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் அவர் எழுதியிருக்கிறார். இங்கே கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இந்தியச் சட்டம் இதில் எந்தப் பக்கம் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 124ஆவது பிரிவு, வாக்குறுதி கொடுத்தவரின் சொந்த நடத்தையால் வரும் இழப்பையும் இண்டெம்னிட்டிக்குள் கொண்டுவருகிறது. ஆகவே "எங்கள் மீறலுக்கு நாங்களே இண்டெம்னிட்டி கொடுத்தோம் என்பது செல்லாது" என்று தப்பிக்க வழியில்லை. அதோடு, சாதாரண நஷ்டஈட்டுக்கு 73ஆவது பிரிவு ஒரு வேலி போடுகிறது: மீறலால் இயல்பாக விளைந்த இழப்புக்கும், விளையக்கூடும் என்று ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பும் அறிந்திருந்த இழப்புக்கும்தான் ஈடு, தொலைவான, மறைமுகமான இழப்புக்கு இல்லை. இண்டெம்னிட்டி கோருபவர் அந்த வேலிக்கு வெளியே நின்று கேட்க முயல்வார். அந்த முயற்சி வெல்லுமா என்பது வழக்குக்கு வழக்கு மாறும். ஆனால் அப்படிக் கேட்கும் வாய்ப்பையே 11.1 கொடுத்துவிட்டது.

விதிவிலக்குப் பட்டியலில் ஒரே ஒரு சொல் எவ்வளவு தின்னும் என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் படிப்பவர்கள் அதை மறக்கமாட்டார்கள். டிரிப்பிள் பாயிண்ட் என்ற மென்பொருள் நிறுவனம் தாய்லாந்தின் எண்ணெய் நிறுவனமான பி.டி.டி.யோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், பெற்றுக்கொண்ட ஒப்பந்த விலைதான் பொறுப்பு வரம்பு. விதிவிலக்குகள்: மோசடி, அலட்சியம், மிகை அலட்சியம், வேண்டுமென்றே செய்த தவறு. அந்த "அலட்சியம்" என்ற சொல் வெறும் மீறலையும் சேர்க்குமா என்று வழக்கு பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம்வரை போனது. கீழே மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தத்துக்கு அப்பாற்பட்ட தனிச் சிவில் தீங்கான அலட்சியம் மட்டும்தான் என்றது. 2021இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை அதை மாற்றியது. தகுந்த திறமையோடும் கவனத்தோடும் வேலை செய்வேன் என்று ஒப்பந்தத்திலேயே சொல்லிவிட்டு அப்படிச் செய்யாமல் விடுவதும் அலட்சியம்தான், அதற்கு வரம்பு பொருந்தாது என்றது. மென்பொருள் சேவையில் கவனக்குறைவில்லாத தவறு எத்தனை இருக்கும்? இதனால்தான் இந்தத் தாளில் விதிவிலக்குகள் "வழக்கமானவை" என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கவில்லை. மூன்று வரிகளிலும் பட்டியல் அப்படியே, வார்த்தை மாறாமல், ஷரத்து எண்ணோடு எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒஹாயோ ஒப்பந்தத்தில் "மிகை அலட்சியம்" மட்டும் இருக்கிறது, வெறும் "அலட்சியம்" இல்லை. அவர் "மிகை" என்பதன் அடியில் கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோட்டுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஒஹாயோவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆண்டுக்கு 90,000 டாலர், வரம்பு இரண்டு மடங்கு, அதாவது 1,80,000. வாடிக்கையாளர் தரவு கசிந்தால் மட்டும் தனியாக 10 லட்சம் டாலர் என்று இரண்டாவது வரம்பு; தொழிலில் இதைச் சூப்பர் கேப் என்பார்கள். மடங்குக் கணக்கில் இது 11ஐத் தாண்டுகிறது. முதலில் பார்ப்பவர் கண்ணுக்கு மூன்று வரிகளிலும் பயமுறுத்தும் எண் இதுதான். ஆனால் இதற்கு ஒரு முடிவு இருக்கிறது. இண்டெம்னிட்டியும் மூன்றாம் தரப்புக் காப்புரிமை வழக்குக்கு மட்டும். ஆகவே தாளில் வரிசைப்படுத்தும்போது மும்பை முதலில் வருகிறது, ஒஹாயோ இரண்டாவது, மான்செஸ்டர் மூன்றாவது. 3, 11, 1 என்ற எண்களை எக்ஸெல்லில் வரிசைப்படுத்தச் சொன்னால் இந்த வரிசை ஒருநாளும் வராது. மூன்றையும் கூட்டிப் பெருக்கி ஒரு மதிப்பெண்ணாக்கி, பச்சை மஞ்சள் சிவப்பு அடித்துக் கொடுக்கச் சொல்லும் ஆசை எந்த மேலாளருக்கும் உண்டு. அவர் அதைச் செய்ய மறுத்துவிட்டார். வரம்பே இல்லாத ஒன்றை எந்த எண்ணோடு சராசரி போடுவது?

ஆளும் சட்டம் என்ற கட்டத்துக்கு வருகிறேன். சாதாரணமாக இதில் ஒரு நாட்டின் பெயர் இருக்கும். இங்கே அது மூன்றாக உடைந்திருக்கிறது: எந்த நாட்டுச் சட்டம், தகராறு எங்கே நடக்கும், நம் தரப்பில் கையெழுத்திட்ட நிறுவனம் எது. முதல் இரண்டும் புரிகிறது. மூன்றாவது ஏன் என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. மான்செஸ்டர் வரியைப் படித்தபோதுதான் விளங்கியது.

இங்கிலாந்துச் சட்டத்தில் 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த ஷரத்துகள் சட்டம் என்று ஒன்று உண்டு. ஒருவர் தன்னுடைய வழக்கமான அச்சுப் படிவத்தை வைத்து ஒப்பந்தம் செய்துவிட்டு அதில் தன் பொறுப்பைக் குறைத்துக்கொண்டால், அந்தக் குறைப்பு நியாயமானதா என்று நீதிமன்றம் சோதிக்கலாம். நியாயமில்லை என்றால் வரம்பு நிற்காது. நம் நிறுவனத்தின் படிவத்தில்தான் மான்செஸ்டர் கையெழுத்திட்டது. ஆக, அந்த 0.25 மடங்குக்கு இப்படியும் ஓர் ஆபத்து. ஆனால் அதே சட்டத்தின் 27ஆவது பிரிவில் ஒரு கதவு இருக்கிறது. தரப்பினர் தாங்களாகத் தேர்ந்தெடுத்ததால் மட்டுமே இங்கிலாந்துச் சட்டம் பொருந்துகிறது, தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தால் வேறு நாட்டுச் சட்டம் பொருந்தியிருக்கும் என்றால், இந்த நியாயச் சோதனை வேலை செய்யாது. சேவை ஒப்பந்தத்தில் சட்டம் எதுவும் தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் பொதுவாகச் சேவை தருபவர் குடியிருக்கும் நாட்டின் சட்டம்தான் பொருந்தும் என்பது அங்கே பின்பற்றப்படும் விதி. கையெழுத்திட்டது சென்னை நிறுவனம் என்றால் அது இந்தியச் சட்டம். சோதனை பொருந்தாது என்ற வாதம் வலுவாக நிற்கும். லண்டனில் பதிவான துணை நிறுவனம் கையெழுத்திட்டிருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்து முதல் வரியில் இருக்கும் ஒரு பெயர், நாற்பதாம் பக்கத்து வரம்பு நிற்குமா விழுமா என்பதைத் தொடுகிறது! தாளில் இருப்பது "கையெழுத்து: சென்னை நிறுவனம்; புதுப்பிப்பில் லண்டன் துணை நிறுவனத்துக்கு மாற்றுமுன் சட்டப் பிரிவைக் கேட்கவும்" என்ற ஒரே வாக்கியம். பின்னணி எதுவும் இல்லை. மேலாளருக்கு 27ஆவது பிரிவு தேவையில்லை. வரி வசதிக்காக யாரோ ஒப்பந்தத்தை லண்டனுக்கு மாற்றலாமே என்று சொல்லும்போது ஒரு நிமிடம் நிற்கவேண்டும், அவ்வளவுதான் தேவை.

ஒஹாயோ வரியில் ஆளும் சட்டம் நியூயார்க். வாடிக்கையாளரும் நியூயார்க்கில் இல்லை, நாமும் இல்லை. இரு தரப்புக்கும் சொந்தமில்லாத ஊரைத் தேர்ந்தெடுப்பது வியாபாரத்தில் சகஜம். நியூயார்க்கின் பொதுக் கடப்பாடுகள் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது: ஒப்பந்தம் 2,50,000 டாலருக்குக் குறையாமல் இருந்தால், அந்த மாநிலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் தேர்வு செல்லும். இரண்டாண்டு ஒப்பந்தமான இதன் மதிப்பு 1,80,000. ஆக அந்தப் பிரிவின் பாதுகாப்பு இதற்குக் கிடைக்காது. தொடர்பு உண்டா என்ற பழைய கேள்விக்குப் பதில் சொல்லவேண்டி வரும். "மூன்றாண்டாகப் புதுப்பித்தால் 2,70,000" என்று பென்சிலில் ஒரு சிறு கணக்கு. விற்பனைக்காரருக்கு இதைவிட இனிப்பான சட்டக் குறிப்பை நான் பார்த்ததில்லை. நீண்ட ஒப்பந்தம் வாங்க அவருக்குக் கமிஷன் தவிர இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது.

கடைசியாக, காலிக் கட்டங்களைப் பற்றி. இந்தத் தாளில் வெற்றுக் கட்டமே கிடையாது. "வரம்பில்லை என்று எழுதியுள்ளது" என்பது ஒன்று. "ஷரத்து இல்லை" என்பது இன்னொன்று. அப்போது பொதுச் சட்டம்தான் தீர்மானிக்கும், எந்த நாட்டுப் பொதுச் சட்டம் என்று பார்க்கப் பக்கத்துக் கட்டத்துக்குப் போகவேண்டும். "ஆவணம் கைக்கு வரவில்லை" என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே கோடாகப் போட்டுவிட்ட தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப் போட்டால் கடைசியில் காணாமல் போன ஓர் இணைப்பு, ஆபத்தில்லாத ஓர் ஒப்பந்தம் போலத் தோற்றம் தரும். மும்பை வங்கியின் தகவல் பாதுகாப்பு இணைப்புக்கு நேரே அவர் எழுதியிருந்தது மூன்றாவது வகை. கேட்டு வாங்கிப் பார்த்தபோது அதற்குள்ளும் ஓர் இண்டெம்னிட்டி இருந்தது. இண்டெம்னிட்டி என்ற தலைப்பே இல்லாமல், "வங்கிக்கு எவ்விதப் பாதிப்பும் நேராமல் காத்து, நேர்ந்தால் ஈடுசெய்யவேண்டும்" என்று தணிக்கை பற்றிய பத்தியின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. தலைப்பை மட்டும் தேடுபவருக்கு இது கிடைக்காது. ஈடு, பாதிப்பு, செலவைத் திருப்பித் தருதல் என்று பொருளைத் தேடவேண்டும்.

இதே மும்பைக் கோப்பில் மூல ஒப்பந்தத்தின் 14.2, வரம்பை ஓராண்டுக் கட்டணம் என்றுதான் சொல்கிறது. அதை மொத்த மதிப்பாக மாற்றியது பின்னால் வந்த இரண்டாம் திருத்தம், வேறு ஃபோல்டரில். தாளில் "2.4 கோடி, திருத்தம் 2, ஷரத்து 4" என்று மூலத்தின் பெயர் எண்ணோடு ஒட்டியே இருக்கிறது. எண்ணை நம்பாதவர் ஒரு நிமிடத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மூல ஒப்பந்தத்தை மட்டும் படித்து 80 லட்சம் என்று எழுதிய ஒரு பழைய சுருக்கமும் அந்தக் கோப்பில் கிடந்தது. அதில் ஷரத்து எண் எதுவும் இல்லை என்பதைக் கவனித்தேன்.

வலது ஓரத்துக் கட்டத்தின் தலைப்பு "புதுப்பிப்பில் கேட்பது". மும்பைக்கு நேரே மூன்று கோரிக்கைகள், முன்னுரிமை வரிசையில். முதலாவது, 11.1ஐ மூன்றாம் தரப்பினரின் கோரிக்கைகளுக்கு மட்டும் என்று சுருக்குவது. வங்கி அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் இரண்டாவது: 11.1 அப்படியே இருக்கட்டும், ஆனால் 14.3இலிருந்து இண்டெம்னிட்டியை எடுத்துவிட்டு அதற்கென்று தனி வரம்பாக 5 கோடி வைப்பது. 5 கோடி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நிறுவனம் எடுத்து வைத்திருக்கும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டின் தொகை அது. அதுவும் நடக்காவிட்டால் மூன்றாவது: மேலாளர் தானாக முடிவெடுக்காமல் நிதி இயக்குநரிடம் கொண்டுபோவது.

மேலாளர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வியும் அந்தக் கட்டத்தைப் பற்றித்தான். "இப்ப மூணு மடங்குன்னு இருக்கு. நாமளே போய் அஞ்சு கோடின்னு சொன்னா கூடுதலாக் கொடுக்கிற மாதிரி ஆகாதா?"

"சார், இப்ப இருக்கிற மூணு அடிச்சு விட்ட மூணு" என்றார் அவர்.

வங்கி முதல் கோரிக்கையை மறுத்தது, இரண்டாவதை ஏற்றது. மோசடிக்கும் வேண்டுமென்றே செய்யும் தவறுக்கும் ரகசியக் காப்பு மீறலுக்கும் வரம்பில்லை என்பது அப்படியே நீடிக்கிறது; இண்டெம்னிட்டி மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. இப்போது அந்த வரியில், அடித்த 3 இருந்த கட்டத்தில், "6.25 மடங்கு, 5 கோடி, திருத்தம் 3, ஷரத்து 2" என்று இருக்கிறது. வரிசையில் மும்பை முதலிடத்திலிருந்து இரண்டாவதுக்கு இறங்கி, ஒஹாயோ மேலே போயிருக்கிறது.